மாத்திரை அடக்கிய வலி

ஏழு மாதங்கள் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், 40 மில்லிகிராம். எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிகிறது, ஏப்பமாக வருகிறது என்று கடையில் சொன்னேன். ஒரு அட்டையைக் கிழித்துக் கொடுத்தார்கள். நான்கே நாளில் எரிச்சல் அடங்கியது. அட்டை தீரும்போது எரிச்சல் திரும்பும். நானும் கடைக்குத் திரும்புவேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து 56 வயதில் ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குப் போன காலத்தில் காலை உணவைப் பாதி நாள் தவிர்த்தவள் என்பதால், வீட்டில் எல்லாரும் அதன் வட்டிதான் இது என்றார்கள். சீரகத் தண்ணீர் குடித்தேன். புளியையும் காரத்தையும் குறைத்தேன். ஆனால் எரிச்சலைவிட எனக்கு விசித்திரமாக இருந்தது வேறொன்று. மூன்று இட்லி சாப்பிடுகிறவள் ஒன்றரை இட்லியிலேயே விருந்துண்டவள்போல நிறைந்துவிடுவேன். பசி எடுக்கும், தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அடைத்துக்கொள்ளும். வயதானால் வயிறு சுருங்கும் என்று நினைத்து அதைப் பெரிதுபடுத்தவில்லை. எடையும் குறையவில்லை. எடை குறையாதபோது என்ன பெரிய நோய் இருந்துவிடப் போகிறது என்று என் தம்பி மனைவி சொன்னபோது எனக்கும் அது சரியாகவே பட்டது. எடை குறைவது பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு நடப்பது என்பதையும், இரைப்பைப் புற்று ஆரம்பத்தில் ஒரு அடையாளமும் காட்டாமல்கூட இருக்கும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது மூச்சு வாங்கியதுதான். வாசகசாலையின் படியேறும்போது நடுவில் நின்றுவிட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு ரத்தக்குறைவு வழக்கம்தானே என்று இரும்புச்சத்து மாத்திரையை எதிர்பார்த்துக் கை நீட்டினேன். அங்கிருந்த இளம் மருத்துவர் மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார்.

"டீச்சர், மாதவிலக்கு நின்று எத்தனை வருடம் ஆகிறது?"

"ஆறு வருடம்."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் உங்கள் ரத்தம் எங்கே போகிறது?"

அந்தக் கேள்வி அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் எந்த வயது ஆணுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தம் இறங்கினால், வயிற்றிலோ குடலிலோ எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். மலம் கறுப்பாகப் போனதா என்று கேட்டார். போனது. இரண்டு மாதம் முன்பு இரண்டு நாள், தார் போலக் கறுத்து, தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு, ஒரு மாதிரி நாற்றத்தோடு போனது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அது தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டாது. அதோடு அப்போது நான் இரும்பு மாத்திரையே தொடங்கியிருக்கவில்லை.

முதல் எண்டோஸ்கோபியைப் பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனையில் செய்துகொண்டேன். தொண்டையில் கசப்பான மருந்தைத் தெளித்தார்கள். விழுங்குவது மறந்ததுபோலத் தொண்டை மரத்தது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, பல்லுக்கு நடுவில் ஒரு வளையத்தைக் கடித்துக்கொண்டேன். குழாய் தொண்டையைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் குமட்டல் வந்தது, பிறகு வெறும் அசௌகரியம்தான். இரைப்பையின் வளைவில் சிறிய புண் என்றார்கள். இரண்டு துண்டு சதை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது: அழற்சி, புண், புற்று அணுக்கள் இல்லை. இரைப்பையில் புண்ணும் புற்றும் வரக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கான பரிசோதனையும் இல்லை என்றே சொன்னது. மாத்திரையைத் தொடருங்கள் என்றார்கள். திரும்ப எப்போது வர வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. அன்று காலைவரை நான் அந்த மாத்திரையைச் சாப்பிட்டேனா என்றும் யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஒரே நிம்மதி. புற்று இல்லை என்ற காகிதத்தைப் பூஜை அறையில் வைத்தேன். உண்மையில் அந்தக் காகிதம் சொன்னது, எடுத்த இரண்டு துண்டுகளில் புற்று இல்லை என்பதை மட்டும்தான்.

இரண்டு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9.4-ஐத் தாண்டவில்லை. அதே இளம் மருத்துவர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். சிறுகுடலின் முகப்பில் வரும் புண்ணாக இருந்தால் பொதுவாகத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை, இரைப்பையில் வரும் புண் அப்படியல்ல, எட்டு வாரம் கழித்து ஆறியதா என்று மறுபடி குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். புண்ணாக இருக்கும் புற்றும் இருக்கிறது. அமிலம் குறைந்தால் அதன் மேற்பரப்பும் ஆறியதுபோல மூடிக்கொள்ளும்; அடியில் இருக்கும் அணுக்கள் அப்படியே இருக்கும். அதனால் மாத்திரைக்கு வலி அடங்கியது எதற்கும் சான்று ஆகாது. இதை அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அந்தத் தாள் இன்னமும் என்னிடம் இருக்கிறது.

இரண்டாவது எண்டோஸ்கோபிக்குக் கோயம்புத்தூர் போனோம். வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டும்வரை என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே இரைப்பை மருத்துவர் முதலிலேயே மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். பான்டோபிரசோலை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். அது புண்ணையும் மறைக்கும், கிருமிப் பரிசோதனையையும் ஏமாற்றும் என்றார். (எல்லாராலும் அப்படி நிறுத்த முடியாது, ரத்தம் கசிகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.) அந்த இரண்டு வாரமும் எரிச்சல் முழு வேகத்தோடு திரும்பியது. மோர் குடித்துக் கடத்தினேன்.

பரிசோதனைக்கு முந்தைய இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை. இந்த முறை கையில் மயக்க ஊசி போட்டார்கள். அரைத் தூக்கத்தில் கிடந்தேன். பழைய புண் ஏறத்தாழ மூடியிருந்தது. அந்த இடத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குச் சற்றே பள்ளமாகச் சிவந்த திட்டு ஒன்று இருந்தது. நீல ஒளியை மாற்றிப் போட்டு, நுண்ணிய ரத்தக்குழாய்கள் தாறுமாறாக ஓடுவதைப் பார்த்தாராம். திட்டின் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் ஆறு துண்டுகள் எடுத்தார்.

எழுந்த பிறகு செவிலி அந்தக் குப்பியைக் காட்டினார். ஃபார்மலின் திரவத்தின் அடியில் ஆறு வெள்ளைத் துணுக்குகள், ஒவ்வொன்றும் ஊற வைத்த ரவைமணி அளவு. கிள்ளும்போது வலிக்கவே இல்லை. இரைப்பையின் உள்தோலுக்குக் கிள்ளும் வலி தெரியாதாம். சதையைக் கிள்ளினால் புற்று பரவிவிடும் என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் என் கணவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். அவர் அதை மருத்துவரிடம் நேராகவே கேட்டார். பரவாது, கிள்ளாமல் விட்டால்தான் என்னவென்றே தெரியாமல் போகும் என்றார் மருத்துவர்.

ஆறாம் நாள் அறிக்கை வந்தது. நன்கு வேறுபட்ட அடினோகார்சினோமா, அதாவது அணுக்கள் இயல்பான சாயலை அதிகம் இழக்காத இரைப்பைப் புற்று. ஆறு துண்டுகளில் மூன்றில் இருந்தது. ஹெலிகோபாக்டர் கிருமியும் இருந்தது. முதல் முறை இல்லை என்று சொன்ன அதே கிருமி. அன்று வீட்டில் யாரும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

ஆனால் மருத்துவர் முகத்தில் சிறிது தெம்பு தெரிந்தது. இரைப்பைச் சுவர் வாழைமரத்துப் பட்டைபோல அடுக்கடுக்கானது. புற்று மேல் படலத்தில் மட்டும் இருந்தால் நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்போது இரைப்பையை வெட்டாமல் குழாய் வழியாகவே அந்தத் திட்டைச் சீவி எடுத்துவிடலாம். அதற்கு இ.எஸ்.டி. என்று பெயர். ஆழமாகப் போயிருந்தால் அறுவை சிகிச்சைதான். ஸ்கேனிலும் எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்டிலும் மேலோட்டமாகவே தெரிந்தது. பெருங்குடலையும் ஒருமுறை பார்த்தார்கள், அங்கே ஒன்றுமில்லை.

முழு மயக்கத்தில் ஒன்றரை மணி நேரம் ஆனது. திட்டைச் சுற்றிப் புள்ளிகளாகச் சுட்டு அடையாளம் வைத்து, அடியில் திரவத்தைச் செலுத்திப் படலத்தை உப்ப வைத்து, சுற்றிலும் வெட்டி, அடியோடு உரித்து எடுத்திருக்கிறார்கள். எடுத்த துண்டை ஒரு பலகையில் குண்டூசிகளால் விரித்துக் குத்தியிருந்த படத்தை மறுநாள் காட்டினார்கள். பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ரத்தம் கசியலாம், இரைப்பையில் ஓட்டை விழலாம் என்று முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எனக்கு இரண்டும் நேரவில்லை. மூன்று நாள் இருந்தேன், கஞ்சியோடு வீடு வந்தேன்.

எனக்கு உண்மையான தீர்ப்பு அந்தத் துண்டின் அறிக்கைதான். எண்டோஸ்கோபிக் கிள்ளல் பெயரை மட்டும் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. பத்து நாள் கழித்து வந்தது: 16 மில்லிமீட்டர், மேல் படலத்துக்குள்ளேயே, ஓரங்கள் சுத்தம், ரத்தக்குழாய்க்குள்ளும் நிணநீர்க் குழாய்க்குள்ளும் நுழையவில்லை. இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்திருக்கலாம். கீமோதெரபி தேவைப்படவில்லை.

சீவிய காயம் ஆற அதே பான்டோபிரசோலை இரண்டு மாதம் கொடுத்தார்கள். கிருமிக்கு 14 நாள் இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் கூட. அது ஒழிந்ததா என்று, ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரத்துக்கும் மேலான பிறகு, மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி, மூச்சுப் பரிசோதனையில் பார்த்தார்கள். ஒழிந்திருந்தது. ஹீமோகுளோபின் நான்கு மாதத்தில் 12.1.

முதல் ஆண்டில் இரண்டு முறை குழாய் விட்டுப் பார்த்தார்கள். இனி ஆண்டுக்கு ஒருமுறை. மீதி இரைப்பையில் வேறோரிடத்தில் புதிதாக வரலாம் என்பதால் இது நிற்காது. என் தம்பிக்கு 52 வயது. உடன்பிறந்தவளுக்கு இப்படி வந்திருப்பதால் அவனையும் கிருமிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார் மருத்துவர். போன வாரம் அவன் சட்டைப் பையில் அதே அட்டையைப் பார்த்தேன். ஆறு மாத்திரைகள் தீர்ந்திருந்தன. எத்தனை மாதமாக என்று கேட்டேன். பதில் சொல்லாமல் முற்றத்தைப் பார்த்தான். வரும் செவ்வாய்க்கிழமை அவனை அந்த இளம் மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.