ரெஸ்யூமேயில் எழுதாதது கமிட்டில் இருந்தது

ஆட்டோமேஷன் டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு மேனுவல் டெஸ்டரின் ரெஸ்யூமே என்னிடம் வந்தது. ஆயுள் காப்பீட்டு மென்பொருளில் பல வருட அனுபவம். நாங்கள் கேட்டிருந்ததோ ஜாவா, செலினியம், ஜென்கின்ஸ். டெஸ்ட் கேஸ் எழுதியது, ரிக்ரெஷன் ஓட்டியது என்றுதான் பக்கம் முழுக்க இருந்தது. செலினியம் கடைசியில், ஒரு கோர்ஸ் சான்றிதழோடு. சான்றிதழை நான் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் லாகின் பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்தும் ஸ்கிரிப்டை எல்லாக் கோர்ஸிலும் எழுத வைத்துவிடுகிறார்கள்.

கூடவே ஒரு கிட்ஹப் லிங்க் இருந்தது. அதில் நான் முதலில் பார்ப்பது, கோடு படிப்படியாக எப்படி மாறியது என்று காட்டும் கமிட் வரலாற்றைத்தான். முழு ஃபிரேம்வொர்க்கும் ஒரே கமிட்டில் வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். இவருடையது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தது. பிரீமியம் கட்டும் பக்கத்துக்கான டெஸ்டில் முதலில் இருந்த வரி இது:

```java
Thread.sleep(5000);
```

சில கமிட்டுகள் கழித்து அதை எடுத்துவிட்டு இப்படி மாற்றியிருந்தார்:

```java
new WebDriverWait(driver, Duration.ofSeconds(10))
    .until(ExpectedConditions.elementToBeClickable(payButton));
```

முதல் வரி பக்கம் உடனே வந்தாலும் 5 வினாடி சும்மா நிற்கும், ஆறாவது வினாடியில் வந்தால் டெஸ்ட் விழுந்துவிடும். இரண்டாவது, பட்டன் தயாரானதும் நகர்ந்துவிடும், அதிகபட்சம் 10 வினாடி காத்திருக்கும். ஒரு நாள் பாஸ், மறுநாள் ஃபெயில் என்று ஆட்டம் காட்டும் டெஸ்டோடு மல்லுக்கட்டியவர்தான் பெரும்பாலும் இந்த மாற்றத்தைச் செய்வார். ரெஸ்யூமேயில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம் டெஸ்டுகள் எதைச் சோதிக்கின்றன என்று பார்த்தேன். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. 30ஆம் நாள் கட்டினால் பாலிசி தொடர வேண்டும், 31ஆம் நாள் காலாவதி என்று காட்ட வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி டெஸ்ட். கோடு மட்டும் தெரிந்தவருக்கு இந்த விளிம்பு தோன்றாமல் போகலாம். மேனுவல் அனுபவம் நேரடியாகக் கைகொடுத்த இடம் இது. ரெப்போவை இறக்கி, அவர் செய்திருந்த டெமோ பக்கத்தில் 30ஐ 31 ஆக்கி ஓட்டினேன். 31ஆம் நாள் டெஸ்ட் சிவப்பானது. முடிவைச் சரிபார்க்கும் அசெர்ஷன் இல்லாத டெஸ்டாக இருந்தால் அப்போதும் பச்சையாகவே இருந்திருக்கும்.

குறைகளும் இருந்தன. எல்லாம் அவருடைய கணினியில் மட்டும் ஓடியது, ஜென்கின்ஸ் பக்கமே போகவில்லை, ஏபிஐ டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. சரி, ஜென்கின்ஸில் ஒரு ஜாப் அமைக்கச் சில நாளில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் எதைச் சோதிப்பது என்ற அறிவு அப்படி வராது என்று எழுதி, நேர்காணலுக்குப் பரிந்துரைத்தேன்.

நேர்காணலில் அவரிடம், தனியாக ஓட்டினால் பாஸாகி, மற்றவற்றோடு சேர்த்து ஓட்டினால் விழும் ஒரு டெஸ்டைக் கொடுத்தோம். கோடைத் திறக்கும் முன்பே அவர் கேட்டது, “ரெண்டு டெஸ்டும் ஒரே பாலிசி நம்பரையா எடுக்குது சார்?” அதுதான் காரணம்.