பாட்டிலின் வளைவில் தொலையும் எழுத்துகள்: லேபிளை விரித்துப் படித்துப் பார்த்த அனுபவம்

உணவுப் பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலை ஃபோன் கேமராவில் படமெடுத்து, அதிலுள்ள சேர்க்கை எண்களைத் தானாகப் பிரித்தெடுக்கும் சிறு நிரல் ஒன்றைப் பொழுதுபோக்காக எழுதி வருகிறேன். வீட்டில் ஆஸ்துமா உள்ள ஒருவருக்குச் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது என்பதால், உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு எண் முறையான ஐஎன்எஸ்ஸில் 220 முதல் 228 வரையிலான எண்களில் ஏதேனும் பட்டியலில் உள்ளதா என்பதுதான் நிரல் பதில் சொல்ல வேண்டிய முதன்மையான கேள்வி. அட்டைப் பெட்டிகளில் இது அதிகச் சிரமம் தரவில்லை. பெட்டி சாய்ந்து தெரிந்தால், அதன் நான்கு மூலைகளைக் குறித்து `cv2.getPerspectiveTransform` மூலம் நிமிர்த்திவிட்டால் போதும், எழுத்துணரி மென்பொருளான டெசராக்ட் ஒழுங்காகப் படித்துவிடுகிறது. பாட்டில்களில்தான் எல்லாம் குழம்பியது. ஐஎன்எஸ் 211 என்பது சோடியம் பென்சோவேட், 221 என்பது சோடியம் சல்ஃபைட். ஓர் இலக்கம் மாறினால் பதிலே தலைகீழாகிவிடும் என்பதோடு, இரண்டுமே செல்லத்தக்க எண்கள் என்பதால் எண் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாலும் பிழை அகப்படாது.

எலுமிச்சை ஸ்குவாஷ் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிழை எங்கே பிறக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டிலின் சுற்றளவை நூல் சுற்றி அளந்தால் 188.5 மி.மீ. வருகிறது, அதாவது ஆரம் 30 மி.மீ. ஃபோன், பாட்டிலின் நடு அச்சிலிருந்து 200 மி.மீ. தள்ளி நிற்கிறது. கேமராவின் குவியத் தொலைவைப் பிக்சல் கணக்கில் அறிய, 100 மி.மீ. அளவுகோலை 300 மி.மீ. தூரத்தில் வைத்துப் படமெடுத்தேன். அது 1000 பிக்சல் அகலத்தில் விழுந்ததால் குவியத் தொலைவு 3000 பிக்சல். இந்த மூன்று எண்கள் இருந்தால், லேபிளின் எந்தப் புள்ளி படத்தில் எங்கே விழும் என்பதைச் சொல்லிவிடலாம்.

இதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலாவது, வரி வளைவது. கேமராவின் உயரத்துக்கு 40 மி.மீ. மேலே அச்சிட்டிருக்கும் ஒரு வரியைக் கவனியுங்கள். பாட்டிலின் நடுவில் அது கேமராவிலிருந்து 170 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, ஆகவே படத்தின் மையத்திலிருந்து 706 பிக்சல் மேலே விழுகிறது. அதே வரி பக்கவாட்டில் 55 பாகை சுற்றிப் போகும்போது ஆழம் ஏறக்குறைய 183 மி.மீ. ஆகிவிடுவதால், அது 656 பிக்சல் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. வித்தியாசம் சுமார் 50 பிக்சல். அந்த லேபிளில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 2.2 மி.மீ.தான், நடுப்பகுதியில் அது 39 பிக்சல். ஆகவே முதல் வரியின் முனை, இரண்டாம் வரியின் நடுப்பகுதியைக் காட்டிலும் கீழே தொங்குகிறது. வரிகளைக் கிடைமட்டமாகப் பிரிக்க முயலும் எழுத்துணரி, முதல் வரியின் கடைசிச் சொல்லை இரண்டாம் வரியில் ஒட்டவைப்பதற்கு இதுவே காரணம். கேமரா உயரத்துக்குக் கீழே உள்ள வரிகளில் இதே கோளாறு எதிர்த்திசையில் நடக்கிறது, முனைகள் மேலேறுகின்றன. கேமராவின் உயரத்துக்கு நேராக உள்ள வரி மட்டும் வளைவதே இல்லை.

இரண்டாவது, எழுத்து ஒடுங்குவது. நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு 17.6 பிக்சல் கிடைக்கிறது. 30 பாகையில் அது 14 ஆகவும், 45 பாகையில் 10.5 ஆகவும், 55 பாகையில் 7.6 ஆகவும் குறைகிறது. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள இலக்கம் ஓரத்தில் எட்டுப் பிக்சலுக்குள் அடைபட்டுவிட்டால், 1 என்பதையும் 2 என்பதையும் பிரித்துக்காட்டும் விவரம் மிகச் சொற்பம். தமிழ் லேபிள்களில் இன்னும் மோசம்: ஓரத்தில் துணைக்கால் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, வரி வளைந்தால் புள்ளி மேல்வரியின் அழுக்குத் துணுக்காகக் கணக்கிடப்பட்டு உதிர்ந்துவிடுகிறது.

வெளியீட்டைப் பார்த்தே இரண்டையும் அடையாளம் காணலாம். சொற்கள் முழுசாகவும் சரியாகவும் இருந்து, வரிசை மட்டும் தாறுமாறாக இருந்தாலோ, வரியின் முனையில் உள்ள சொற்கள் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயிருந்தாலோ அது வளைவின் வேலை. வரிசை சரியாக இருந்து, ஓரத்துச் சொற்களில் மட்டும் எழுத்துகள் மாறியிருந்தால் அது ஒடுக்கத்தின் வேலை. படம் முழுவதற்கும் ஒரே எழுத்துப் பிழை விகிதம் கணக்கிட்டால் இந்த வேறுபாடு தெரியாது. அதனால் லேபிளைக் கையால் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, நடுப்பட்டை, 30 பாகைக்கு அப்பால், 45 பாகைக்கு அப்பால் என்று பிரித்துப் பிழைகளை எண்ணினேன்.

வளைவைச் சரிசெய்ய, மேலே சொன்ன கணக்கையே பின்னோக்கிப் பயன்படுத்தினேன். விரித்த லேபிளின் ஒவ்வொரு பிக்சலுக்கும், மூலப்படத்தில் எங்கிருந்து நிறத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணையைத் தயாரித்து `cv2.remap` இடம் கொடுத்தால் போதும்.

```python
import numpy as np, cv2
img = cv2.imread("bottle.jpg")      # 3000 x 4000
r, D, f = 30.0, 200.0, 3000.0       # மி.மீ., மி.மீ., பிக்சல்
cx, cy = 1500.0, 2000.0             # அச்சு, கேமரா உயரம்
t = np.radians(np.linspace(-55, 55, 1016))
h = np.linspace(-45, 45, 1588)      # மி.மீ.
T, H = np.meshgrid(t, h)
z = D - r*np.cos(T)
mx = (cx + f*r*np.sin(T)/z).astype(np.float32)
my = (cy + f*H/z).astype(np.float32)
cv2.imwrite("flat.png", cv2.remap(img, mx, my, cv2.INTER_CUBIC))
```

இதன் பிறகு `tesseract flat.png out -l eng --psm 6` என்று ஓட்டினால், வரிகள் கலப்பது அடியோடு நின்றுவிடுகிறது. ஒரு நிபந்தனை உண்டு: கேமரா பாட்டிலுக்கு நேராகப் பார்க்க வேண்டும், மேலோ கீழோ சாய்ந்திருக்கக் கூடாது. சாய்வு இருக்கிறதா என்பதைப் பாட்டிலின் இரு பக்க விளிம்புகளே காட்டிக்கொடுக்கும். படத்தில் அவை இணைகோடுகளாக இல்லாமல் ஒரு பக்கம் நெருங்கினால் ஃபோன் சாய்ந்திருக்கிறது என்று பொருள். முதலில் அந்த விளிம்புகளை இணையாக்கிப் படத்தை நிமிர்த்திவிட்டு, பின்னர்தான் விரிக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் விரித்த படத்தில் வரிகள் மீண்டும் அலையாக நெளியும். குறுக்காக 90 பாகை திரும்பி அச்சிட்டிருக்கும் தொகுதி எண், விலை போன்றவற்றையும் விரித்த பிறகே வெட்டித் திருப்பித் தனியாகப் படிக்கவைக்கிறேன்.

ஃபோனைப் பின்னால் நகர்த்தி, அதே அளவில் தெரியும்படி ஜூம் செய்தால் இத்தனை கணக்கும் தேவையில்லையே என்று தோன்றலாம். பாதி உண்மை. தூரம் 500 மி.மீ. ஆனால் அந்த 50 பிக்சல் இறக்கம் 19 பிக்சலாகக் குறைகிறது; அது வரி இடைவெளியில் பாதிதான். எழுத்து ஒடுக்கம் மட்டும் சிறிதளவே குறைகிறது, ஏனென்றால் அதற்கு முக்கியக் காரணம் தூரம் அல்ல, பரப்பு நம்மைவிட்டுத் திரும்பி நிற்பது. இருந்தாலும் மென்பொருளில் ஒன்றும் செய்ய முடியாதவர்களுக்கு, சற்றுப் பின்னால் நின்று எடுப்பதே என் பரிந்துரை.

விரித்த படம் பார்வைக்கு அழகாக இருப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஓரத்து எழுத்துகள் நடு எழுத்துகளின் அகலத்துக்கே இழுக்கப்பட்டுவிடுவதால், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். உண்மையில் எட்டுப் பிக்சல் விவரம் பதினேழு பிக்சலில் பூசப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ரப்பர் துண்டில் எழுதியதை இழுத்துப் பெரிதாக்குவதைப் போன்றது அது. ஸ்குவாஷ் பாட்டிலில் 211 என்ற எண் வரியின் வலது ஓரத்தில் இருந்தபோது, விரித்த பிறகும் அது 221 என்று வந்தது. பாட்டிலைச் சற்றே திருப்பி, அந்த எண் நடுவுக்கு வரும்படி எடுத்த படத்தில், விரிக்காமலேயே 211 என்று சரியாக வந்தது. ஆகவே ஒரே படத்தில் பாதி லேபிளைப் பிடிக்கும் ஆசையை விட்டுவிட்டேன். நடுவிலிருந்து இருபுறமும் 35 பாகைக்குள் விழுவதை மட்டும் நம்புகிறேன். 60 பாகைக்கு ஒரு படம் வீதம் பாட்டிலைத் திருப்பினால் ஆறு படங்களில் முழுச் சுற்றும் அடங்கிவிடும். பக்கத்துப் படங்களுக்கு இடையே 10 பாகை பொதுவாக இருப்பதால் ஒட்டவும் வழி உண்டு.

இதையே இறுதிவரை கொண்டுபோனால் கிடைப்பது பட்டை வருடல். பாட்டிலைச் சுழல்தட்டில் வைத்துக் காணொளி எடுத்து, ஒவ்வொரு சட்டகத்திலிருந்தும் நடுவே உள்ள ஓரிரு பிக்சல் அகலப் பட்டையை மட்டும் வெட்டி வரிசையாக அடுக்க வேண்டும். புகைப்படக் கலைஞர் ஜஸ்டின் கெர் மாயா நாகரிகக் குவளைகளின் சித்திரங்களைச் சுற்றுமுழுதும் ஒரே படமாக எடுத்தது இதே தத்துவத்தில்தான். நடுப்பட்டை எப்போதும் ஒரே ஆழத்தில் இருப்பதால் வரி வளைவதில்லை. எப்போதும் நம்மை நேராகப் பார்ப்பதால் எழுத்து ஒடுங்குவதும் இல்லை. இரண்டு கோளாறுக்கும் ஒரே மருந்து.

ஆனால் இதற்கென்று தனிக் கோளாறுகள் வந்து சேர்கின்றன. தட்டு 12 விநாடியில் ஒரு சுற்று வந்தால், விநாடிக்கு 60 சட்டகம் வீதம் 720 சட்டகங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் லேபிளில் 0.26 மி.மீ. முன்னேறுகிறது. கேமரா ஒரு சட்டகத்துக்கு அறுபதில் ஒரு விநாடி ஒளியை வாங்கினால், அதே 0.26 மி.மீ. முழுவதும் மங்கலாகிவிடும், பொடி எழுத்தின் கோடு அதைவிட மெல்லியது. நல்ல விளக்கு வைத்து ஐந்நூறில் ஒரு விநாடிக்குக் குறைத்தால் மங்கல் 0.03 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. கையால் சுற்றினால் வேகம் ஒரே சீராக இராது. வேகமாகச் சுற்றிய இடத்தில் எழுத்து நெருங்கியும், தயங்கிய இடத்தில் அகன்றும் வரும். அடுத்தடுத்த சட்டகங்களின் நடுப்பகுதியை `cv2.phaseCorrelate` கொண்டு ஒப்பிட்டு, உண்மையில் எத்தனை பிக்சல் நகர்ந்ததோ அத்தனை அகலப் பட்டையை எடுத்தால் இது சரியாகிறது. பாட்டில் தட்டின் மையத்தில் உட்காராவிட்டால் அது கேமராவை நெருங்கியும் விலகியும் ஆடும். வரிகள் ஒரு சுற்றுக்கு ஓர் அலையாக ஏறி இறங்குவதே அதன் அடையாளம்.

பளபளப்பான லேபிளில் எனக்குப் பிடித்த சலுகை ஒன்றும் இதில் உண்டு. விளக்கின் பிரதிபலிப்பு, பாட்டில் சுழன்றாலும் படத்தில் ஒரே இடத்தில் செங்குத்துக் கோடாக நிற்கும். பட்டையை அந்தக் கோட்டிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி எடுத்தால் வெளிச்சக் கறை லேபிளில் எங்குமே விழுவதில்லை. தனிப்படத்தில் அந்த இடத்து எழுத்துகள் வெளுத்து அழிந்தே போயிருக்கும்.

இப்போது நிரல், ஒவ்வோர் எண்ணோடும் அது எந்தக் கோணத்தில் படிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. 35 பாகைக்கு வெளியே மட்டும் கிடைத்த எண்ணை அது ஏற்பதில்லை. பாட்டிலைத் திருப்பச் சொல்லிக் கேட்கிறது. மேலே குறுகும் கூம்பு வடிவப் பாட்டில்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் ஆரம் உயரத்துக்கு ஏற்ப மாறுவதால், நிரலில் `r` என்பதை `H` சார்ந்த மதிப்பாக எழுதினாலும், விரித்த லேபிள் செவ்வகமாக அல்லாமல் விசிறி வடிவில்தான் வர வேண்டும். அதற்கான அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கிறேன். கசங்கும் பிளாஸ்டிக் பைகளுக்கு இப்படி எந்த வடிவக் கணக்கும் இல்லை. அவற்றை மேசையில் கையால் நீவி, தட்டையாக்கித்தான் எடுக்கிறேன்.