அப்பாவின் 24 லட்சம்: மாத வட்டியா, க்யூமுலேட்டிவா?

அப்பா ஓய்வுபெற்றதும் கைக்கு வந்த 24 லட்சத்தை, 2025-26 நிதியாண்டின் தொடக்கத்தில் பேங்கில் டெபாசிட்டாகப் போட்டோம். வட்டி 7 சதவீதம். கவுன்டரில் இருந்தவர் காகிதத்தில் இரண்டு தொகைகளை எழுதிக் காட்டினார். மொத்தத்தையும், வட்டியை இடையில் எடுக்காமல் முதிர்வில் அசலோடு சேர்த்து வாங்கும் க்யூமுலேட்டிவில் போட்டால் 5 வருடத்தில் வட்டி 9.95 லட்சம் வரும், மாதா மாதம் வாங்கினால் 8.35 லட்சம்தான். "சார், ஒண்ணரை லட்சத்துக்கு மேல விடுறீங்க" என்றார். அப்பா கிட்டத்தட்ட கையெழுத்தே போட்டுவிடுவார் போல இருந்தது.

அந்த வித்தியாசம் பேங்க் கூடுதலாகத் தருவதால் வருவதில்லை. வட்டியை எடுக்காமல் உள்ளேயே விட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது அசலோடு சேர்ந்து வட்டிக்கு வட்டி வருகிறது, அவ்வளவுதான். மாதம் வாங்கும்போது லட்சத்துக்கு 583 ரூபாய் வராமல் 580 ரூபாய் வருவதும் இதனால்தான், காலாண்டு வட்டியை முன்கூட்டியே தருவதால் சிறிது கழித்துக்கொள்வார்கள். ஆகவே எது அதிகம் என்று கேட்பதில் பயனில்லை, மாதம் எவ்வளவு தேவை என்றுதான் பார்க்க வேண்டும் என்று அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

ஒரு வருடப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மளிகை, மருந்து, கரண்ட், வேலைக்காரம்மா சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 26,000. வருடத்துக்கு ஒருமுறை வரும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், வீட்டு வரி, ஊர்த் திருவிழாச் செலவு 48,000, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 4,000. ஆக 30,000. இந்த 4,000 ரூபாயைத்தான் பலர் கணக்கில் விடுகிறார்கள், பிரீமியம் கட்டும் மாதத்தில் டெபாசிட்டை உடைக்க வேண்டி வருவது இதனால்தான். அப்பாவுக்குப் பென்ஷன் 21,000. பற்றாக்குறை 9,000.

லட்சத்துக்கு 580 என்றால் 16 லட்சத்துக்கு 9,280. எனவே 16 லட்சம் மாத வட்டியில், மீதி 8 லட்சம் க்யூமுலேட்டிவில். முழுசையும் மாத வட்டியில் போட்டிருந்தால் 13,920 வந்திருக்கும், மிச்சம் சேமிப்புக் கணக்கில் குறைந்த வட்டியில் தூங்கும். முழுசையும் க்யூமுலேட்டிவில் போட்டிருந்தால் மாதம் 9,000 எங்கிருந்து வரும்? நடுவில் உடைத்தால், வைத்திருந்த காலத்துக்கு உரிய வட்டிதான் கிடைக்கும், அதிலும் பெரும்பாலான பேங்குகள் அரை முதல் ஒரு சதவீதம் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் வரி. க்யூமுலேட்டிவ் என்றால் முதிர்வில் மட்டும் வரி என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை, கைக்கு வராவிட்டாலும் பேங்க் வருடா வருடம் சேர்ந்த வட்டியை வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும், பேங்க் வட்டியிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸும் அதன் மேல்தான். எங்கள் கணக்கில் மாத வட்டி வருடத்துக்கு 1,11,360, க்யூமுலேட்டிவில் சேரும் வட்டி சுமார் 57,500, பென்ஷன் 2,52,000. மொத்தம் 4.21 லட்சம். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போனால் 3.46 லட்சம், 4 லட்சத்துக்குக் கீழே, வரியே இல்லை. எங்கள் அளவில் இரண்டு வகைக்கும் வரியில் வேறுபாடு கிடையாது.

ஆனால் டிடிஎஸ் வேறு கதை. மூத்த குடிமக்களுக்கு ஒரே பேங்கில் வருட வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள், எங்களுக்கோ 1.69 லட்சம். வரி வராது, பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும், அப்போது 15எச் என்றிருந்த படிவத்தைக் கொடுக்காமல் விட்டிருந்தால் 9,280 என்பது 8,352 ஆகியிருக்கும், பற்றாக்குறை அடைபடாது. க்யூமுலேட்டிவில் அந்தப் பிடித்தம் பெரும்பாலும் டெபாசிட்டிலிருந்தே போகும், அதனால் ரசீதில் அச்சடித்த முதிர்வுத் தொகை கைக்கு வராது. ரிட்டர்ன் போட்டால் ரீஃபண்ட் வரும், சரி, ஆனால் அது சேமிப்புக் கணக்குக்குத்தான் வரும், டெபாசிட்டுக்குத் திரும்பாது. அதனால் டெபாசிட் போட்ட அன்றே படிவத்தைக் கொடுத்தோம். 2026 ஏப்ரலிலிருந்து 15எச்சுக்குப் பதில் 121 என்ற படிவம், அதை வருடா வருடம் ஏப்ரலில் புதிதாகக் கொடுக்க வேண்டும், நடுவில் புது டெபாசிட் போட்டால் அதற்கும் சேர்த்து.

8 லட்சத்தையும் ஒரே ரசீதாகப் போடவில்லை. தலா 2 லட்சமாக நான்கு ரசீதுகள், அவை முறையே ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து வருடத்தில் முடிவதுபோல. அகவிலைப்படி ஏறினாலும் மாதப் பற்றாக்குறை வருடத்துக்கு ஐநூறு, அறுநூறு கூடும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு ரசீது முதிர்ந்ததும் அதையும் மாத வட்டிக்கு மாற்றினால் மாதம் சுமார் 1,200 கூடுதலாக வரும், அன்றைய வட்டி விகிதம் இறங்கியிருந்தால் கொஞ்சம் குறையும். அவசரத்துக்கு உடைத்தாலும் 2 லட்சத்தோடு போகும். ஒவ்வொரு ரசீதிலும் ஆட்டோ ரினியூவல் வேண்டாம், பணம் சேமிப்புக் கணக்குக்கு வரட்டும் என்று எழுதிக் கொடுத்தோம், இல்லாவிட்டால் அது பழையபடி க்யூமுலேட்டிவாகவே தொடர்ந்துவிடும்.