புகார் எழுதுவதற்கு முன் பதிவேட்டைப் பாருங்கள்

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் எம்.டி. முதலாமாண்டு சேர்ந்தபோது, எங்கள் யூனிட்டின் நேரக் கணக்கை முதல் வாரத்திலேயே புரியவைத்துவிட்டார்கள். யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தால், மறுநாள் மாலை ரவுண்ட்ஸ் முடிந்த பிறகுதான் விடுதி. இடையில் வரும் இரவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளியில் இருப்பவர்கள் யூனிட் என்றால் சீஃப்தான் எல்லாம் என்று நினைப்பார்கள். முதலாமாண்டு மாணவருக்கு அப்படி இல்லை. டூட்டி லிஸ்ட் போடுவது, யார் எப்போது சாப்பிடப் போகலாம் என்று தீர்மானிப்பது, முதுகுத்தண்டு நீர் எடுக்கும் வாய்ப்பை யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் மூன்றாமாண்டு பி.ஜி. கையில். எங்கள் மூன்றாமாண்டு சீனியர் நல்ல மருத்துவர். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் மனிதர்கள் என்ற நினைப்பு அவருக்கு அபூர்வமாகத்தான் வரும்.

நான் புகார் கொடுக்கக் காரணமான இரவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சர்க்கரை கட்டுமீறி, ரத்தத்தில் அமிலம் கூடிய நிலையில் ஒரு கல்லூரி மாணவன் வந்திருந்தான். இன்சுலின் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. இன்சுலின் சர்க்கரையை மட்டும் செல்லுக்குள் தள்ளுவதில்லை, பொட்டாசியத்தையும் சேர்த்துத் தள்ளும். ரத்தத்தில் பொட்டாசியம் 3.3க்குக் கீழே இறங்கினால் இன்சுலினை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பொட்டாசியம் பார்க்க வேண்டும். நான்கு மணிக்கு எடுத்த ரத்த மாதிரியை ஆய்வகம் திருப்பி அனுப்பிவிட்டது. சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் அவற்றின் உள்ளேயிருந்த பொட்டாசியம் வெளியே கசிந்து, இல்லாத அளவைக் காட்டும். ஆய்வகம் செய்தது சரிதான். மறுபடியும் எடுத்து அனுப்பினேன். முடிவு வரும்வரை ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க இ.சி.ஜி. எடுத்து கேஸ் ஷீட்டில் ஒட்டினேன்.

ஆறு மணிக்கு சீனியர் வந்தார். கேஸ் ஷீட்டில் நான்கு மணிக்கான கட்டம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. கிளிப் அட்டையோடு அதைத் தரையில் எறிந்தார். "உனக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கொடுத்தவனைச் சொல்ல வேண்டும். இந்தப் பையன் செத்தால் நீயே அம்மாவிடம் சொல்" என்றார். அந்த அம்மா கட்டிலின் தலைமாட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். அதன் பிறகு அந்தப் பையனுக்கு நான் ஊசி போடப் போகும்போதெல்லாம், "வேறு டாக்டர் வரட்டுமே" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவமானத்தைவிட எனக்கு வலித்தது அதுதான். முடிவு ஆறரைக்கு வந்தது: 3.4. சொட்டு திரவத்தில் பொட்டாசியத்தைக் கூட்டினோம். பையன் பிழைத்தான். எனக்கு மட்டும் அந்த வாரம் முழுவதும் இரவுப் பணி. யூனிட் மொழியில் "பனிஷ்மென்ட் டூட்டி". அந்த இரவுகளில் அவருடைய ஆய்வேட்டுக்கான நோயாளி விவரப் படிவங்களை எக்செல்லில் ஏற்றும் வேலையும் என் தலையில் விழுந்தது.

உதவிப் பேராசிரியரிடம் போனேன். "நாங்களும் இப்படித்தான் படித்தோம்" என்றார். சீஃப், "உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். இரண்டுமே பதில் இல்லை, கதவைச் சாத்தும் முறைகள். கடைசியில் மருந்தியல் துறையில் இருந்த ஒரு மேடத்தைப் பார்த்தேன். அவர் ராகிங் தடுப்புக் குழுவில் உறுப்பினர். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "நீ சொல்வது ஒரு புகார் இல்லை, மூன்று. திட்டியது ஒன்று, அவன் ஆய்வேட்டு வேலையை உன்னிடம் வாங்கியது ஒன்று, தூங்க விடாத டூட்டி ஒன்று. மூன்றையும் ஒரே கடிதத்தில் கட்டினால், பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடுவார்கள்."

பலவீனமானது எதுவென்று நினைக்கிறீர்கள்? முப்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்பதுதான் உலகத்துக்கே தெரிந்த அநியாயம் என்று நான் நம்பியிருந்தேன். விதியைப் படித்த பிறகுதான் மேடம் சொன்னது புரிந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூனில் உறைவிட மருத்துவர்களுக்காக வெளியிட்ட உத்தரவில், தொடர் பணி ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் சாதாரணமாகத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. "சாதாரணமாக" என்ற அந்த ஒற்றைச் சொல் வழியாக ஒரு பஸ்ஸே நுழைந்து போகலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகளிலோ எண்ணே கிடையாது. "நியாயமான வேலை நேரம்", "நியாயமான ஓய்வு" என்றுதான் இருக்கிறது. வார விடுமுறையும் வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு, ஆனால் வார விடுமுறை பணி நெருக்கடிக்கு உட்பட்டது. ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரம் என்று உச்சவரம்பு சொன்னது, அது பரிந்துரை. நேரத்தை வைத்து ஒருவர்மேல் குற்றம் சாட்டினால், "நோயாளி கூட்டம் டாக்டர், என்ன செய்வது?" என்ற ஒரு வரியில் முடிந்துவிடும்.

மற்ற இரண்டும் அப்படி இல்லை. ராகிங் என்றால் விடுதியில் புது மாணவனை ஆடவைப்பது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சக மாணவரைச் சொல்லால் இழிவுபடுத்துவதும் ராகிங்தான். தன்மேல் விழுந்த படிப்பு வேலையை இன்னொரு மாணவரைக் கொண்டு செய்துகொள்வதும் ராகிங்தான். அந்த எக்செல் வேலை சட்டத்தின் கண்ணில் கேஸ் ஷீட்டை எறிந்ததற்குச் சற்றும் குறையாத குற்றம் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. மூன்றாமாண்டு பி.ஜி.யும் மாணவர்தான் என்பதால் இந்த விதி பொருந்தியது. அவர் ஆசிரியராக இருந்திருந்தால் இந்த வழி கடினம். டீன், மருத்துவக் கல்வி இயக்குநரகம் என்று வேறு பாதையில் போயிருக்க வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம்தான். மேடம் வைத்த நிபந்தனை: என் மனம் எப்படி இருந்தது என்பது வேண்டாம், தேதி, நேரம், வார்டு, சொன்ன சொல், அருகில் இருந்தவர் பெயர் மட்டும் போதும். கேஸ் ஷீட்டைப் படம் எடுக்கப் போனேன், தடுத்துவிட்டார். நோயாளியின் ஆவணத்தை செல்போனில் வைத்திருந்தால் விசாரணை என் பக்கம் திரும்பிவிடும். அதற்குப் பதிலாக, "இந்தத் தேதியின் ஆய்வகப் பதிவேட்டையும் இரவுச் செவிலியர் குறிப்பேட்டையும் குழு வரவழைத்துப் பார்க்க வேண்டும்" என்று எழுதச் சொன்னார். வாட்ஸ்அப்பில் நடு இரவில் வந்த "நாளையும் நீதான்" செய்திகளைத் துண்டு துண்டாகப் படமெடுக்காமல், உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து இணைத்தேன். வெட்டி ஒட்டியது என்று சொல்ல வாய்ப்பு இருக்கக் கூடாது. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் கூப்பிடலாமா என்றும் யோசித்தேன். அங்கே போகும் புகாரும் கல்லூரித் தலைமைக்குத்தான் திரும்பி வரும். தவிர, முதலாமாண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் இருக்கும் யூனிட்டில் பெயர் போடாத புகார் ஒளிவதற்கு இடமே இல்லை. பெயரோடு டீன் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் வரவு முத்திரை வாங்கிக்கொண்டேன். குழு அசையாவிட்டால் உதவி எண்ணுக்குப் போக அந்த முத்திரை போதும்.

விசாரணையில் சீனியர் தடுமாறவே இல்லை. "உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நான் கண்டித்தேன், ராகிங் செய்யவில்லை" என்றார். கேட்டவர்கள் பாதிப்பேர் தலையசைத்தார்கள். எனக்கே ஒரு கணம் அது நியாயமாகப் பட்டது. அதற்குள் ஆய்வகப் பதிவேடு வந்தது. மாதிரி வந்த நேரம், "சிவப்பணு சிதைவு, மறு மாதிரி அனுப்பவும்" என்ற குறிப்பு, இரண்டாவது மாதிரி வந்த நேரம் எல்லாம் அதில் இருந்தன. இரவுப் பணியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் அக்காவின் குறிப்பேட்டிலும் அதே நேரங்கள், கூடவே இ.சி.ஜி. எடுத்ததும். குழுவில் ஒருவர் சீனியரிடம் கேட்ட ஒரே கேள்வி: "கட்டம் ஏன் காலி என்று நீங்கள் கேட்டீர்களா?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. கண்டிப்பவர் முதலில் காரணம் கேட்டிருப்பார்.

சாட்சி சொல்ல ஹவுஸ் சர்ஜன் பையன் வரவில்லை. பயிற்சி முடிந்ததற்கான கையெழுத்து யூனிட்டில் வாங்க வேண்டியவன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டாஃப் அக்கா வந்தார். அவர் பேசியதைவிட அவருடைய குறிப்பேடு அதிகம் பேசியது.

முடிவாக என்னை வேறு யூனிட்டுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். கருணையோடுதான் சொன்னார்கள். ஆனால் புகார் கொடுத்தவர் இடம் மாறினால், ஊர் கண்ணுக்குத் தவறு யார் பக்கம் என்று தெரியும்? மறுத்தேன். எழுத்துப்பூர்வ எச்சரிக்கையோடு சீனியரை வேறு யூனிட்டுக்கு அனுப்பினார்கள். படிவங்கள் அவரிடமே திரும்பிப் போயின.

அதன் பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் எதுவும் சொல்லித்தரவும் இல்லை. பழிவாங்கல் சத்தம் இல்லாமல்தான் வந்தது. கழுத்துச் சிரையில் குழாய் போடும்போது என்னை அழைக்க மாட்டார்கள். செய்த சிகிச்சை முறைகளைப் பதியும் லாக் புத்தகத்தில் கையெழுத்து "அப்புறம்" ஆகும். இதற்குப் புகார் எழுத வழியே இல்லை, நடக்காததற்குச் சாட்சி ஏது? மாதக் கடைசியில் என் ஆய்வேட்டு வழிகாட்டியிடம் லாக் புத்தகத்தைக் கொண்டுபோய், காலிப் பக்கங்களைக் காட்டி, "அடுத்த மாதம் எனக்கு இந்தச் சிகிச்சை முறைகள் வேண்டும்" என்று கேட்கத் தொடங்கினேன். அவர் சீஃபிடம் சொல்வார். மெதுவாக நிலைமை மாறியது.

டூட்டி நேரத்துக்கான கடிதத்தைத் தனியாக, முதலாமாண்டு மாணவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுத் துறைத் தலைவரிடம் கொடுத்தோம். யார்மேலும் குற்றம் இல்லை, மணிக்கணக்கு வாதமும் இல்லை. கேட்டது ஒன்றுதான்: அட்மிஷன் இரவு பார்த்தவர் மறுநாள் நண்பகலுக்குள், நோயாளிகளின் நிலையை எழுதி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். துறைத் தலைவர் ஒப்புக்கொண்டார். ஹவுஸ் சர்ஜன்கள் இருக்கும் மாதங்களில் அது நடக்கிறது. ஒரு பேட்ச் முடிந்து அடுத்தது வராத வாரங்களில் ரத்தம் எடுப்பது முதல் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவதுவரை எங்கள் தலையில் விழுவதால், பழையபடி மாலையாகிவிடுகிறது. அந்த வாரங்களுக்குத் தனி ரோஸ்டர் வேண்டும் என்று இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறோம். வரவு முத்திரை விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.