மோட்டர் ஓடுது, தண்ணி ஏறேல்லை

கிளிநொச்சியில தண்ணி மோட்டர் விக்கிறனீங்களோ? கேள்வி-பதில் தளத்தில ஆரும் "மோட்டர் ஓடுது, தண்ணி ஏறேல்லை, என்ன செய்ய?" எண்டு கேட்டால் கடை இலக்கத்தைப் போடாதேங்கோ, விளம்பரமெண்டு அழிச்சுப்போடுவினம். முழு விடையையும் அங்கயே எழுதுங்கோ.

மோட்டருக்குள்ள தண்ணி நிரப்பிப் பாக்கச் சொல்லுங்கோ. கெதியா இறங்கினால் புட்வால்வோ இழுக்கிற குழாயோ ஒழுகுது. இறங்காட்டில் கிணத்து நீர்மட்டத்தை அளக்கவேணும். கோடையில அது மோட்டருக்குக் கீழ 7, 8 மீற்றரைத் தாண்டினால், மேல வைக்கிற சாதாரண மோட்டர் இழுக்காது. அப்ப "புதுசு வாங்காதேங்கோ, இருக்கிற மோட்டரைக் கீழ இறக்கி வையுங்கோ" எண்டு எழுதுங்கோ. விக்கிறவரே அப்பிடிச் சொல்லேக்கதான் சனம் நம்பும்.

எது வாங்கலாமெண்டு கேட்டால் மட்டும் உங்கட பொருளைச் சொல்லுங்கோ, "இதை விக்கிறது நான்தான்" எண்டு அதே விடையில எழுதி. ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் எண்ட கேள்வி-பதில் தளங்களில அது விதி. சிநேகிதரைக் கொண்டு புகழ்ந்து எழுதுவிக்கவே கூடாது. அவரின்ர பழைய பதிவுகளைப் பாத்தாலே பிடிபடும்.