மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு மகளின் காது: பெரா பரிசோதனை முதல் இம்ப்ளாண்ட் வரை

மகளுக்கு 14 மாதம் ஆனபோது பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்தது. முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரில் நியூமோகாக்கஸ் கிருமி இருந்தது. உயிர் பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகு எங்களுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்கும் திறனைப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்ததைக்கூட ஒரு சம்பிரதாயம் என்றே நினைத்தோம்.

வார்டில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. காய்ச்சலுக்கு முன் நன்றாக நடந்துகொண்டிருந்தவளை உட்கார வைத்தால் பக்கவாட்டில் சாய்ந்தாள். அது உடல் பலவீனம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்புறம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆனால் கதவு அடித்துச் சாத்தும்போது திரும்பினாள். அதனால் கேட்கிறது என்று நம்பினோம். கதவு சாத்தும்போது கட்டிலுக்கு அதிர்வு வரும், வெளிச்சம் மாறும், குழந்தை அதற்கும் திரும்பும் என்பதைப் பின்னால் கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் விளக்கினார். சமநிலை உறுப்பும் கேட்கும் உறுப்பும் உள்காதில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், இந்தக் காய்ச்சலுக்குப் பின் தடுமாறும் குழந்தையின் காதைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம்.

முதலில் ஓஏஇ என்ற சின்னப் பரிசோதனை. காதில் ஒரு முனையை வைத்து ஒலி அனுப்பி, உள்காது திருப்பித் தரும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்கிறார்கள். இரண்டு காதிலும் பதில் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் சளி நீர் தேங்கியிருந்தாலும் இப்படி வரலாம் என்பதால் டிம்பனோமெட்ரி செய்தார்கள். நடுக்காது சரியாக இருந்தது. பிறகு தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகள் ஒட்டி பெரா எடுத்தார்கள். ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அது அலைக்கோடாகக் காட்டும். கருவி தரக்கூடிய அதிகபட்ச ஒலிக்கும் இரண்டு பக்கமும் அலை வரவில்லை.

பிறவியிலேயே கேட்காத ஒரு குழந்தையின் பெற்றோர் எங்களுக்குத் தெரிந்தவர்கள். முதலில் சில மாதம் காது கருவி போட்டுப் பார்ப்பார்கள், அவசரமே இல்லை என்று தைரியம் சொன்னார்கள். அவர்கள் குழந்தைக்கு அது சரியான வழி. மூளைக்காய்ச்சலில் கேட்கும் திறன் போன குழந்தைக்கு அது பொருந்தாது என்பதுதான் இதை எழுதவே காரணம்.

காது அறுவை நிபுணர் படம் வரைந்து விளக்கினார். மூளையைச் சுற்றியுள்ள நீரும் உள்காதின் நீரும் ஒரு நுண்குழாய் வழியாகத் தொடர்புடையவை. அதன் வழியாக அழற்சி காக்ளியாவுக்குள் நுழைகிறது. காக்ளியா நத்தை ஓடு போலச் சுருண்ட, நீர் நிறைந்த எலும்புக் குழல். அழற்சிக்குப் பிறகு அந்த நீர் இருந்த இடத்தில் முதலில் நார்த்திசு வளரும், பிறகு அது எலும்பாக இறுகும். சிலருக்கு இது சில வாரங்களிலேயே தொடங்கிவிடும். காக்ளியர் இம்ப்ளாண்ட் என்பது ஒலியை மின்சைகையாக மாற்றிக் கேட்கும் நரம்புக்கு நேராகத் தரும் கருவி. அதன் மெல்லிய மின்முனைக் கம்பி அந்தக் குழலுக்குள்தான் போக வேண்டும். குழல் அடைந்துவிட்டால் கம்பியில் பாதிதான் நுழையும், சில நேரம் நுழையவே நுழையாது.

அதனால் உடனே ஸ்கேன். சிடி ஸ்கேனில் இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்ததைப் பார்த்து நாங்கள் நிம்மதியானோம். அவர் ஆகவில்லை. சிடியில் எலும்பு உருவான பிறகுதான் தெரியும். நார்த்திசு நிலையில் தெரியாது. எம்ஆர்ஐயில் நீர் வெள்ளையாகத் தெரிய வேண்டும். வலது காக்ளியாவின் முதல் சுற்றில் அந்த வெள்ளை மங்கியிருந்தது. அடைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் அறுவை செய்வது என்று முடிவானது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று விட்டால், காத்திருக்கும் காது மூடிக்கொள்ளலாம்.

தடுப்பூசி அட்டையை முதலில் கேட்டது குழந்தை மருத்துவர்தான். மகளுக்கு எல்லா ஊசியும் போட்டிருந்தோம், நியூமோகாக்கஸ் உட்பட. "பிறகு எப்படி வந்தது?" என்று என் மனைவி கேட்டார். இந்தக் கிருமியில் 90க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஊசி அவற்றில் கடுமையான நோய் தரும் முக்கியமான சில வகைகளைத் தடுக்கிறது, மகளுக்கு வந்தது அதற்கு வெளியே இருந்த வகை என்றார். "அப்படியானால் ஊசி வீணா?" என்று கேட்டேன். அவர் படித்த காலத்தில் ஹிப் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகள் வார்டில் வழக்கமாக இருப்பார்களாம். ஹிப் ஊசி பரவலான பின் அப்படி ஒரு குழந்தையைப் பார்ப்பதே அபூர்வம் என்றார். காதைப் பொறுத்தவரை ஊசியின் வேலை அதுதான்: இந்த வரிசையில் வந்து உட்காரும் குழந்தைகளைக் குறைப்பது.

வரிசை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆடியாலஜி அறைக்கு வெளியே ஒரு கல்லூரி மாணவர் இருந்தார். பொன்னுக்கு வீங்கி வந்து போன பிறகு ஒரு காது முழுதாகப் போயிருந்தது. மறுகாதில் ஃபோன் வைத்துப் பேசியே பழகியவர். ஒருநாள் கை மாற்றி வைத்தபோதுதான் தெரிந்ததாம். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் போவதால் சின்னக் குழந்தையிடம் இது வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். தட்டம்மை காதில் சீழ் கட்ட வைக்கும், சில நேரம் உள்காதையும் கெடுக்கும். உள்காதில் இவை செய்யும் சேதத்தைத் திருப்ப நம்பகமான மருந்து இல்லை. எம்எம்ஆர் ஊசியின் தவணைகளை முழுதாகப் போடுவதுதான் பாதுகாப்பு.

இம்ப்ளாண்டுக்கும் தடுப்பூசிக்கும் இன்னொரு தொடர்பு இருப்பது எங்களுக்குத் தெரியாது. இம்ப்ளாண்ட் வைத்தவர்களுக்கு நியூமோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதனால் விட்டுப்போன தவணைகள் இருந்தால், முடிந்தவரை அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடச் சொல்கிறார்கள். ஆனால் எங்களைப் போல அடைப்பு தொடங்கியவர்களுக்கு ஊசிக்காக அறுவையைத் தள்ளுவதா, அறுவையை முடித்துவிட்டு ஊசி போடுவதா என்பதை இரண்டு மருத்துவர்களும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். மகளுக்குத் தவணைகள் முடிந்திருந்ததால் அந்தக் குழப்பம் வரவில்லை. இரண்டு வயதுக்குப் பின் இன்னும் அதிக வகைகளைத் தடுக்கும் வேறொரு நியூமோகாக்கஸ் ஊசியும் போட்டோம்.

அறுவையில் இடது கம்பி முழுதாக நுழைந்தது. வலது பக்கம் நார்த்திசுவை விலக்கி நுழைத்தும் கடைசி சில முனைகள் வெளியே நின்றுவிட்டன. காயம் ஆறிய பிறகு ஸ்விட்ச் ஆன் செய்தார்கள். அன்றைக்கு அவள் அழுததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பேச்சுப் பயிற்சி தொடங்கி பல மாதம் கழித்துத்தான் பெயருக்குத் திரும்பினாள். நடை அதற்கு முன்பே வந்துவிட்டது, இருட்டில் மட்டும் இன்னும் தடுமாறுகிறாள்.

ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்னோட்டம் என்று அமைப்பதை மேப்பிங் என்கிறார்கள். வலது பக்க மேப்பிங் அடிக்கடி மாறுகிறது. எலும்பு வளர வளர அதே ஒலிக்கு அதிக மின்னோட்டம் தேவைப்படலாம் என்பதால் ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு முறையும் பழைய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். காது வலியோ, வாந்தியுடன் காய்ச்சலோ வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதி, அவளைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரிடமும் ஒரு நகல் கொடுத்து வைத்திருக்கிறோம்.