வேலை நின்றிருந்த நான்கு மாதங்களின் வட்டி

ஓசூர்ப் பகுதியில் ஏற்கெனவே இயங்கிவந்த ஒரு நிறுவனம் தன் இரண்டாவது தொழிற்கூடத்திற்காக 2018 ஜூலை 1 அன்று 6 கோடி ரூபாய் தவணைக் கடனை ஒரே தவணையில் எடுத்து, அன்றே நிலத்தைச் சமன்படுத்தும் வேலையையும் தொடங்கியது. ஆண்டுக்கு 10 சதவீதம் என்பதால் மாத வட்டி 5 இலட்சம். 2020 ஜனவரி 31 அன்று உற்பத்தி தொடங்கும்வரை வந்த 19 மாத வட்டியான 95 இலட்சம் ரூபாயும் கட்டடத்தின் விலையில் சேர்க்கப்பட்டிருந்தது. தணிக்கையாளனாக நான் வட்டிக் கணக்கை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டேன். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. ஆனாலும் அந்தத் தொகை தவறு.

தவறு முதலில் தெரிந்தது ஒப்பந்ததாரரின் பில்களில். மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பில் 2018 டிசம்பருக்குப் பிறகு நின்று, அடுத்த ஆண்டு மே மாத வேலைக்குத்தான் மீண்டும் வந்திருந்தது. காவலாளியின் வாயிற்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சிமெண்ட் லாரி ஒன்றும் உள்ளே வரவில்லை, கூலியாட்களின் பெயர்களும் இல்லை. கம்பி விலை தொடர்பாக ஒப்பந்ததாரரோடு எழுந்த தகராறில் வேலை முழுவதுமாக நின்றிருந்தது. கணக்கியல் தரநிலை 16-இன்படி, கட்டுமானம் நீண்ட காலத்திற்குத் தடைபட்டால் அந்தக் காலத்து வட்டியைச் சொத்தின் விலையில் சேர்க்கக் கூடாது. அது இலாப நட்டக் கணக்கில் செலவாக வேண்டும். அதே 2018 நவம்பரில் மழையால் மூன்று வாரம் வேலை நடக்கவில்லை என்றாலும், அந்த வட்டியை நான் விலக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பருவத்தில் எதிர்பார்க்கக்கூடிய தாமதம் கட்டுமானத்தின் ஒரு பகுதியே. தகராறு அப்படிப்பட்டதன்று. அந்த நான்கு மாத வட்டி 20 இலட்சம்.

இரண்டாவது கேள்வி, கட்டடம் எப்போது முடிந்தது என்பது. உற்பத்தி தொடங்கிய நாளை முடிவுநாளாக எடுத்திருந்தார்கள். ஆனால் பொறியாளரின் நிறைவுச் சான்றும் ஒப்பந்ததாரரின் இறுதி பில்லும் 2019 அக்டோபர் 31 தேதியைத் தாங்கியிருந்தன. பிறகு மீந்திருந்தது சில அறைகளுக்கு வண்ணம் பூசும் வேலை மட்டுமே. சொத்தைப் பயன்பாட்டுக்கு ஆயத்தமாக்கும் வேலைகள் பெரும்பாலும் முடிந்த நாளோடு வட்டி சேர்ப்பதும் நின்றுவிட வேண்டும். கட்டடம் ஆயத்தமான பின், நல்ல நாளுக்காகவும் ஆட்களுக்காகவும் காத்திருந்த மூன்று மாதங்களின் 15 இலட்சமும் செலவுதான்.

மூன்றாவது சிறியது. உடனே தேவைப்படாத 2 கோடியை ஆறு மாதம் வைப்பில் இட்டு 6 இலட்சம் வட்டி ஈட்டி, அதை இதர வருமானமாகக் காட்டியிருந்தார்கள். இந்தக் கட்டடத்திற்கென்றே வாங்கிய கடன் என்பதால், அந்த வருமானத்தைச் சேர்க்கும் வட்டியிலிருந்து கழிக்க வேண்டும்.

ஆக, கட்டடத்தின் விலையில் சேரவேண்டியது 12 மாத வட்டியான 60 இலட்சத்தில் 6 இலட்சம் போக 54 இலட்சம். இலாபம் 41 இலட்சம் கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது. அதில், ஜனவரி முதல் மார்ச் வரையிலான வட்டி 15 இலட்சமும் வைப்பு வட்டி 6 இலட்சமுமாக 21 இலட்சம் 2019 மார்ச்சில் முடிந்த ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டின் கணக்கிலும் நான்தான் கையெழுத்திட்டிருந்தேன், கட்டட இடத்துக்குப் போகாமல். அத்தொகையை முந்தைய காலத் திருத்தமாகத் தனியே காட்டச் செய்தபோது, அது ஏன் என்று இயக்குநர்களிடம் நானே விளக்கினேன்.

கணக்கு மேலாளர் ஒரு கேள்வி கேட்டார்: "சார், வருமான வரிக்கு இந்த 95 இலட்சம்தானே சரி? அதையே இங்கேயும் போட்டேன்." அவர் சொன்னதில் பாதி உண்மை. அப்போது நடப்பில் இருந்த 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36(1)(iii) பிரிவின்படி, இத்தகைய சொத்துக்காக வாங்கிய கடனின் வட்டி, கடன் வாங்கிய நாள் முதல் சொத்து முதன்முதலாகப் பயன்படுத்தப்படும் நாள் வரை செலவாகக் கழிக்கப்படாது. வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிடுவதற்கான வருமானக் கணக்கீட்டுத் தரநிலை 9, வேலை தடைபட்ட காலத்து வட்டியை விலக்கச் சொல்லவில்லை. வைப்பு வட்டியைக் கழிக்கவும் இடம் தரவில்லை. தொழில் தொடங்குமுன் கடன் பணத்தை வைப்பிலிட்டு ஈட்டிய வட்டி தனி வருமானமே என்று தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997 இல் தீர்ப்பளித்திருந்தது. எனவே வரிக்குக் கட்டடத்தின் விலையில் 95 இலட்சம், நிதிநிலை அறிக்கையில் 54 இலட்சம். இரண்டும் அதனதன் இடத்தில் சரி. ஒரே தாளை இரண்டுக்கும் பயன்படுத்தியதே பிழை.

அதன்பின் இரு தாள்கள் தயாராயின. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தேய்மானத்தின் வழியே பல ஆண்டுகள் தொடரும் என்பதால், அந்த வேறுபாட்டால் பின்னாளில் கூடும் அல்லது குறையும் வரியான ஒத்திவைக்கப்பட்ட வரிக்கான கணக்கையும் கணக்கு மேலாளரே போட்டார். நிறுவனம் கட்டிய அடுத்த கிடங்கின் கோப்பில், வங்கி அறிக்கைக்கு மேலே மாதவாரியான வாயிற்பதிவேட்டின் நகல் வைக்கப்பட்டிருந்தது.